பத்தாவதில் 400 மார்க், அறிவியல் 64, சமூக அறிவியல் 95: எந்த குரூப்பில் சேர்ப்பது?

வைகைக்கரை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது முடித்திருக்கிறாள். தமிழ் 92, ஆங்கிலம் 78, கணக்கு 71, அறிவியல் 64, சமூக அறிவியல் 95. ஆறாவதிலிருந்து எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில்தான் படிக்கிறாள்.

அவள் அப்பா ஃபர்ஸ்ட் குரூப்தான் என்று உறுதியாக இருக்கிறார். "அதைப் படித்தால் நாளைக்கு எதற்கு வேண்டுமானாலும் போகலாம், காமர்ஸ் எடுத்தால் திரும்பி வர முடியாது" என்கிறார். பள்ளியிலும் இந்த மார்க்குக்குத் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மகளைக் கேட்டால் காமர்ஸ் என்கிறாள், அது இல்லாவிட்டால் ஹிஸ்டரி குரூப் என்கிறாள். ஒரு நாள் வக்கீல் ஆகணும், இன்னொரு நாள் ஆடிட்டர் ஆகணும். எங்களுக்குச் சின்னதாக ஒரு எலெக்ட்ரிக்கல் கடை இருக்கிறது. கடன் நோட்டு எழுதுவது ரெண்டு வருடமாக அவள் வேலை, அதில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

டி.சி. வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றுப் பொறியாளர்:

சிஸ்டர், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தவர் பிறகு பி.காம் படிக்கலாம், பி.ஏ. படிக்கலாம், லா படிக்கலாம், சி.ஏ.கூட எழுதலாம். காமர்ஸ் எடுத்தவர் பி.இ. படிக்க முடியுமா? பதினைந்து வயதில் அவளுக்கு என்ன தெரியும்? எல்லா வழியும் திறந்திருக்கிற குரூப்பைக் கொடுங்கள், முடிவை ரெண்டு வருடம் கழித்து எடுக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன்.

சாக்பீஸ் வாத்தியார்:

அம்மா, நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். முதலில் அந்த 64-ஐப் பார்ப்போம். பத்தாவது அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறையில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழு மார்க்கோ அதை ஒட்டியோ வந்துவிடும். மகளுக்கு 25 கிடைத்திருந்தால் எழுத்துத் தேர்வில் 75-க்கு 39 என்று அர்த்தம், ஏறக்குறைய பாதி. அதை வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும்.

பிளஸ் ஒன் இயற்பியலில் ரெண்டாவது பாடத்திலேயே வெக்டர், வகையீடு, தொகையீடு எல்லாம் வந்துவிடுகிறது. கணக்கு வகுப்பில் வகையீடு நடத்துவதற்கு முன்பே என் வகுப்பில் அது தேவைப்படும். பத்தாவதில் அறிவியலும் கணக்கும் தனித்தனியாக இருந்தன, இங்கே அப்படி இல்லை. கணக்கில் 71 எடுத்த பிள்ளை கணக்கிலும் இயற்பியலிலும் ஒரே நேரத்தில் திணறுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பொறியாளர் தம்பி சொன்னதில் பாதி உண்மை. ஃபர்ஸ்ட் குரூப் எந்த வழியையும் அடைப்பதில்லை. ஆனால் பிளஸ் டூ மார்க் அடைக்கும். இந்தப் பிள்ளை ரெண்டு வருடம் கஷ்டப்பட்டுக் கணக்கில் 65, இயற்பியலில் 62, வேதியியலில் 64 எடுக்கிறாள் என்று வையுங்கள். இன்ஜினியரிங் கட்-ஆஃப் என்பது கணக்கு முழுசாக, மற்ற ரெண்டும் பாதிப்பாதி. அதாவது 65, 31, 32, கூட்டினால் 200-க்கு 128. சீட்டே கிடைக்காது என்று சொல்ல மாட்டேன், கடைசிச் சுற்றில் ஏதோ ஒரு கல்லூரியில் கிடைக்கும். அப்பா மனதில் வைத்திருக்கிற கல்லூரி அதுவாக இருக்காது. சரி, இன்ஜினியரிங் வேண்டாம், லா போகலாம் என்று திரும்பினால் அங்கே ஐந்து வருடப் படிப்புக்கு நம் மாநிலத்தில் சேர்க்கை பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். காமர்ஸிலும் ஹிஸ்டரியிலும் 90-க்கு மேல் வாங்கிய பிள்ளைகளோடு அதே 65-ஐ வைத்துப் போட்டி போடணும். பி.காமுக்கும் அதே கதை. நல்ல கல்லூரிகள் பலவற்றில் பிளஸ் டூவில் வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை வேறு உண்டு.

அதனால் எத்தனை வழி திறந்திருக்கிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, இவள் உண்மையில் போக நினைக்கிற வழி எது, எந்த குரூப் அதை அடைக்கிறது என்று பாருங்கள். இன்ஜினியரிங், ஆர்க்கிடெக்சர், விமானப்படையில் விமானி, கப்பல் அதிகாரி இதெல்லாம் கணக்கும் இயற்பியலும் இல்லாமல் நடக்காது. டாக்டர் படிப்புக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் வேண்டும். இவற்றில் ஒன்றையாவது மகள் வாயிலிருந்து கேட்டிருக்கிறீர்களா?

ஒரு தகப்பன்:

என் பையன் 438 எடுத்திருக்கிறான், அறிவியலில் 94. நீட் எழுதப் போகிறான். கணக்கோடு சேர்ந்த பயாலஜி குரூப்பா, கணக்கு இல்லாததா? போன வருடம் நீட் கட்-ஆஃப் எவ்வளவு? டவுனில் நீட் கோச்சிங்கோடு சேர்த்து நடத்தும் தனியார் பள்ளியில் அட்மிஷன் போட்டு, பாதி ஃபீஸ் கட்டியாச்சு.

சாக்பீஸ் வாத்தியார்:

ஐயா, இது வேறு கேள்வி, இருந்தாலும் அவசரமானது என்பதால் சொல்கிறேன். நீட்டுக்குக் கணக்கு தேவையில்லை. 720-இல் உயிரியல் மட்டும் 360, இயற்பியலும் வேதியியலும் தலா 180. அதில் மட்டுமே குறி என்றால் தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக வரும் ப்யூர் சயின்ஸ் குரூப் போதும். இன்ஜினியரிங்கும் கையில் இருக்கட்டும் என்றால் கணக்கு வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. பையன் இதுவரை படித்தது அரசுப் பள்ளியிலா? அப்படியானால் பாதி ஃபீஸ் போனாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை யோசியுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்குப் போனால் அது கைவிட்டுப் போகும்.

வைகைக்கரை அம்மா, உங்களுக்கும் இது பொருந்தும். 2021-இல் அந்த ஒதுக்கீட்டை இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் கொண்டுவந்தார்கள். மகள் வக்கீல் படிப்பு பேசுகிறாள் என்றால் டி.சி. வாங்குகிற யோசனையை விடுங்கள். கல்லூரியில் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டத்துக்கும் இதே போல ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்கணும் என்ற விதி இருக்கிறது.

ஒரு தகப்பன்:

எட்டாவது வரை அரசுப் பள்ளி. ஒன்பதாவதிலேயே தனியாருக்கு மாற்றிவிட்டோமே ஐயா.

நெல்லைக் கறுப்புக் கோட்டு:

அக்கா, நான் லா மூன்றாம் வருடம். பிளஸ் டூவில் வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் எடுத்தவள். லாவுக்கு குரூப் கட்டுப்பாடு கிடையாது. என் வகுப்பில் பயாலஜி படித்தவர்களும் இருக்கிறார்கள், காமர்ஸ்தான் அதிகம். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு நடக்கும் கிளாட் தேர்வும் எல்லா குரூப்புக்கும் பொது. திருச்சியில் இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் கிளாட் வழியாகத்தான் போகணும். அதில் ஆங்கிலப் பத்திகளை வேகமாகப் படித்துப் பதில் சொல்லணும். அதனால் 95-ஐ விட அந்த ஆங்கிலம் 78-ஐ நீங்கள் கவனிக்கணும்.

95 எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அது எப்படி வந்தது என்று பாருங்கள். கேள்வி-பதிலை மனப்பாடம் செய்தும் 95 வாங்கலாம், விரும்பிப் படித்தும் வாங்கலாம். ரெண்டும் ஒரே மார்க்தான். புத்தகத்தை மூடச் சொல்லி, ஜாலியன் வாலாபாக் ஏன் நடந்தது என்று உங்களிடம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். வருடத்தையும் இடத்தையும் மட்டும் ஒப்பித்தால் மனப்பாடம். ரௌலட் சட்டத்தில் ஆரம்பித்து, ஆட்கள் ஏன் அங்கே கூடினார்கள் என்று கதையாகக் கொண்டுவந்தால் அவளுக்கு அந்தப் பாடம் உண்மையிலேயே வருகிறது.

ஒன்று மனசு வலித்துச் சொல்கிறேன். பல பள்ளிகளில் ஆர்ட்ஸ் குரூப்பே இல்லை. இருக்கிற இடங்களில் குறைந்த மார்க் எடுத்தவர்களை மொத்தமாக அதில் போட்டுவிடுகிறார்கள். பிளஸ் டூவில் என் வகுப்பில் பாதிப் பேர் விருப்பப்பட்டு வந்தவர்கள் இல்லை. நன்றாகப் படிக்கிறவளை அங்கே சேர்ப்பதாக இருந்தால் வரலாற்றுக்கும் பொருளியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

சாக்பீஸ் வாத்தியார்:

வாயால் சொல்லச் சொல்கிற அந்தச் சோதனை நல்ல யோசனை. அதே மாதிரி இன்னொன்று சொல்கிறேன். பிளஸ் ஒன் புத்தகங்கள் பாடநூல் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இயற்பியலில் ரெண்டாவது பாடத்தில் வெக்டரைக் கூறுகளாகப் பிரிக்கும் பகுதி, கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டிலிருந்து இருப்பாய்வு வரை உள்ள பகுதி, ரெண்டையும் இறக்கிக்கொடுங்கள். தீர்த்துக் காட்டிய கணக்கை ஒருமுறை படிக்கட்டும், அப்புறம் விடையை மறைத்துவிட்டு அவளாகப் போடட்டும். சரியாக வருகிறதா என்று பார்க்காதீர்கள், முதல் தடவை யாருக்கும் வராது. வராதபோது என்ன செய்கிறாள் என்று பாருங்கள்.

பேரேடு:

சி.ஏ. இன்டர் முடித்து ஒரு ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறேன். ஆடிட்டர் ஆசை பற்றிக் கொஞ்சம். சி.ஏ. ஃபவுண்டேஷனை எந்த குரூப்பில் படித்தவரும் பிளஸ் டூ முடித்து எழுதலாம், அதில் பொறியாளர் அண்ணன் சொன்னது சரி. நாலு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம். காமர்ஸ் படித்தவர்களும் அதிகம் விழுவது மூன்றாவது தாளில். அது கணக்கு, தர்க்கம், புள்ளியியல். தப்பு விடைக்குக் கால் மார்க் கழிப்பார்கள்.

அதனால் காமர்ஸ் என்று முடிவு செய்தாலும் வேலை முடியவில்லை. நாலாவது பாடம் என்ன என்று கேளுங்கள். கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் மூன்றும் பொது. நாலாவதாக ஒரு பள்ளியில் வரலாறு இருக்கும், ஒன்றில் கணினிப் பயன்பாடுகள், ஒன்றில் வணிகக் கணிதமும் புள்ளியியலும். சி.ஏ. மூன்றாவது தாளில் வருகிற வட்டி, ஆண்டுத் தொகை, வகையீடு, நிகழ்தகவு எல்லாவற்றின் அடிப்படையும் அந்த வணிகக் கணிதப் புத்தகத்தில் இருக்கிறது. அது இல்லாமல் வந்தவர்கள் பிளஸ் டூ லீவில் ஒரே மூச்சாகப் படிக்க வேண்டியிருக்கும், என்னோடு எழுதிய பலர் அங்கேதான் நின்றுபோனார்கள். ஆனால் வணிகக் கணிதம் படித்தால் இன்ஜினியரிங் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு அந்தக் கணிதம் செல்லாது.

பாலாற்றுப் பொறியாளர்:

வாத்தியார் போட்ட 128 கணக்கு யோசிக்க வைக்கிறது. ஆனால் 64 எடுத்தவள் ரெண்டு வருடத்தில் 85 எடுக்க மாட்டாள் என்று எப்படிச் சொல்ல முடியும்? நானும் பத்தாவதில் சுமார்தான், பிளஸ் டூவில் ஏறினேன். பெண்பிள்ளை என்பதால் காமர்ஸ் போதும் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது, அதுதான் என் கவலை.

சாக்பீஸ் வாத்தியார்:

நியாயமான கவலை. ஏறிய பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் அந்தப் பாடத்தின் மேல் ஒரு பிடிவாதம் இருந்தது, இரவு போன் பண்ணிச் சந்தேகம் கேட்பார்கள். இந்தப் பிள்ளையிடம் அது இருக்கிறதா என்பதைத்தான் சோதனை காட்டணும். இன்னொரு விஷயம், 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. பிளஸ் ஒன் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவுகிற பள்ளிகளில் சுமாரான பிள்ளை ஏறுவது இன்னும் கஷ்டம். அடிப்படை முழுக்க பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது.

வைகைக்கரை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா சொன்னபடி செய்து பார்த்தோம்.

இயற்பியலில் விசையை ரெண்டாகப் பிரிக்கிற கணக்கு. தீர்த்த கணக்கைப் படித்தபோது புரிகிறது என்றாள். விடையை மறைத்ததும் எங்கே சைன் போடுவது, எங்கே காஸ் போடுவது என்று நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதை அப்படியே மனப்பாடம் பண்ணிடறேன்மா" என்று புத்தகத்தை மூடினாள்.

கணக்குப்பதிவியலுக்கு எங்கள் கடையில் ஒரு வாரம் நடந்ததையே எழுதச் சொன்னேன். கடனுக்கு ஒயர் கொடுத்ததை முதலில் ரொக்கக் கணக்கில் பற்று வைத்தாள். அப்புறம் அவளே, "காசு இன்னும் வரலையே" என்று அடித்துவிட்டு அந்த வாடிக்கையாளர் பெயரில் பற்று எழுதி, விற்பனையில் வரவு வைத்தாள். பேரேட்டுக்கு எடுத்து எழுதிக் கடைசியில் கூட்டினால் ரெண்டு பக்கமும் 270 ரூபாய் இடித்தது. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. பத்தரை மணிக்குக் கண்டுபிடித்தாள். வாடிக்கையாளர் கணக்கில் 1,850 என்று சரியாக எழுதிவிட்டு, விற்பனைக் கணக்கில் 1,580 என்று எழுதியிருக்கிறாள். அவள் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஜாலியன் வாலாபாக் கதையும் நன்றாகவே சொன்னாள், ரௌலட் சட்டம் மட்டும் வரவில்லை.

பேரேடு:

அக்கா, இடிக்கிற தொகை 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து எண்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம் என்று ஆடிட் ஆபீஸில் முதலில் சொல்லித் தருவார்கள். 270-ஐ 9-ஆல் வகுத்தால் 30. அடுத்த தடவை இதைச் சொல்லிக்கொடுங்கள், பத்தரை வரை தேட வேண்டாம். ஆனால் சொல்லித் தராமலே பத்தரை வரை தேடியவள் என்பதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நெல்லைக் கறுப்புக் கோட்டு:

நான் இன்னும் ஹிஸ்டரி பக்கம்தான் பேசுவேன், லா ஆசை உண்மையென்றால் அரசியல் அறிவியல் ரொம்பக் கைகொடுக்கும். முதல் செமஸ்டரில் அரசியலமைப்புச் சட்டம் எனக்குப் புதுசாகத் தெரியவில்லை. ஆனால் அவள் வக்கீலா ஆடிட்டரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ரெண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் காமர்ஸ் பொருந்தும், அதை ஒப்புக்கொள்கிறேன். பி.காம்., எல்.எல்.பி. என்று ஐந்து வருடம் சேர்த்துப் படிக்கிற படிப்பும் இருக்கிறது.

வைகைக்கரை அம்மா:

இப்போது வேறு சிக்கல். எங்கள் ஊர்ப் பள்ளியில் காமர்ஸுக்கு நாலாவது பாடம் வரலாறு. வணிகக் கணிதம் டவுனில் உள்ள அரசுப் பெண்கள் பள்ளியில் இருக்கிறது, ரெண்டு பஸ் மாறணும். அவள் அப்பா, "ஃபர்ஸ்ட் குரூப் இல்லை என்றால் கணக்காவது இருக்கட்டும்" என்கிறார். அவளுக்கு வரலாறும் பிடிக்கும், கூடப் படித்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள்.

பாலாற்றுப் பொறியாளர்:

சிஸ்டர், இதில் நான் அப்பா கட்சி. ரெண்டு பஸ் பெரிய விஷயம் இல்லை, கணக்கு கையில் இருக்கட்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் டேட்டா சயன்ஸ் பி.எஸ். படிப்புக்கு பிளஸ் டூவில் எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, பத்தாவதில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். நாளைக்கு அந்தப் பக்கம் மனது திரும்பினால் வணிகக் கணிதம் படித்தவளுக்கு அது எட்டும், ரெண்டு வருடம் கணக்கையே தொடாதவளுக்குக் கஷ்டம்.

சாக்பீஸ் வாத்தியார்:

எனக்கு இதில் தீர்மானமான பதில் இல்லை அம்மா. சி.ஏ. என்றால் வணிகக் கணிதம் நல்லது. லா என்றால் வரலாற்றில் அவள் வாங்கப்போகிற மார்க் மொத்தத்தைத் தூக்கும், கணக்கு 71 எடுத்தவளுக்கு வணிகக் கணிதத்தில் அது இறங்கலாம். டவுன் பள்ளிக்குப் போய் வணிகக் கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, போன வருடம் எத்தனை மாதம் காலியாக இருந்தது என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடமே கேளுங்கள். மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து எத்தனை மணி பஸ் கிடைக்கிறது என்பதையும் கேளுங்கள். சேர்ந்த பிறகு மாற்ற நினைத்தால் வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரைப் பாருங்கள், அதைத் தாண்டினால் மாற்றுவது கஷ்டம்.

வைகைக்கரை அம்மா:

திங்கட்கிழமை மூன்று பேருமாக டவுன் பள்ளிக்குப் போகிறோம் ஐயா. அதற்குள் வணிகக் கணிதப் புத்தகத்தையும் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். நிதிக் கணிதம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் ஆண்டுத் தொகைக் கணக்கை எங்கள் கடை லோனுக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேரேடு தம்பி, தவணை மாதா மாதம் என்றால் வருட வட்டியைப் பன்னிரண்டால் வகுத்துத்தானே போடணும்? இவளுக்கு வருகிற தொகைக்கும் பாங்க் பிடிக்கிற தொகைக்கும் கொஞ்சம் வித்தியாசம் வருகிறது.

பேரேடு:

ஆமாம் அக்கா, பன்னிரண்டால் வகுத்து, வருடத்துக்குப் பதில் மாத எண்ணிக்கையைப் போடணும். அப்படியும் இடித்தால் காலத்தின் கடைசியில் கட்டுகிற தவணையா, ஆரம்பத்தில் கட்டுகிற தவணையா என்று சூத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், புத்தகத்தில் ரெண்டும் தனித்தனியாக இருக்கும். லோன் பேப்பரில் வட்டி இடையில் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்ட கணக்கைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எங்கே இடிக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.